வேர்க்கடலையைப் பாதியா உடைச்சுக் கொடுத்தா போதுமா? (1 வயது 10 மாதம்)

வைகைக்கரை — 21 நவம்பர் 2025, காலை 10.40

திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டணும்னு எல்லாரும் சொல்றாங்க, செய்யறேன். வேர்க்கடலைக்கு மட்டும் யாரும் அளவு சொல்ல மாட்டேங்கறாங்க. மாமியார் அவிச்ச கடலையைத் தோல் உரிச்சு, ரெண்டா பிளந்து ஊட்டறாங்க. "பாதிதானே, தொண்டையில நிக்காது"ங்கறாங்க. லாஜிக் சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் மனசு ஒப்பலை. பையனுக்கு முன்பல் எல்லாம் இருக்கு, பின்னால ரெண்டு ரெண்டு கடைவாய்ப் பல். கார்த்திகைக்கு ஊருக்குப் போறோம், பொரி உருண்டை வேற இருக்கும். பாதி ஓகேவா, இல்லையா?

கொங்குத் தாத்தா — 21 நவம்பர், 11.15

எங்க வீட்டுல எட்டுப் பேரன் பேத்தி, எல்லாம் கடலை தின்னே வளர்ந்தது. மடியில உக்கார வெச்சு ஊட்டினா ஒண்ணும் ஆகாது. ஓடிக்கிட்டே தின்னாத்தான் புரையேறும். அப்படியே ஏறினாலும் உச்சந்தலையில தட்டி ரெண்டு மடக்கு தண்ணி குடுங்க, இறங்கிரும். வாயில தெரிஞ்சா விரலை விட்டு எடுத்துருங்க. இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் பயம்.

தியேட்டர் அக்கா — 21 நவம்பர், மதியம் 2.05

காது மூக்கு தொண்டை ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா பல வருஷம் இருந்தேன். குழந்தைங்க மூச்சுக்குழாயில இருந்து எடுத்ததுல வேர்க்கடலைதான் எப்பவும் முதலிடம். அதுலயும் முழுசா வந்ததைவிடப் பாதியா, துண்டா வந்ததுதான் அதிகம். வைகைக்கரை, உங்க மனசு ஒப்பாதது சரிதான்.

திராட்சையும் கடலையும் செய்யற ஆபத்து வேற வேற. முழுத் திராட்சை வழவழன்னு இருக்கும், அழுத்தினா நெளியும், குரல்வளை வாசல்ல போய் தக்கை மாதிரி அடைச்சுக்கும். காத்து போக இடுக்கே இருக்காது. அதனாலதான் வெட்டச் சொல்றாங்க. நீளவாக்குல நாலாப் போட்டா அந்த உருண்டை வடிவமே போயிடுது, மெல்லிசாக் கீத்தா ஆகிடுது, அடைக்க முடியாது. வெட்டறது அங்க வேலை செய்யுது.

கடலை அங்க நிக்கறதே கம்மி. அதைத் தாண்டி உள்ள போயிடும். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள்ள ரெண்டாப் பிரியும் இல்லையா, இந்த வயசுல அந்தக் கிளை எவ்வளவு அகலம்னு நினைச்சுப் பாருங்க. பாதிக் கடலை அங்க அளவெடுத்த மாதிரி உக்காரும். முழுசா இருக்கும்போது மேல நின்னு இருமல்ல வெளிய வந்திருக்கக்கூடியது, பிளந்ததால கீழ வரைக்கும் போக வழி கிடைச்சிடுது. கடலையை உடைச்சா ஆபத்து குறையாது, போய் உக்கார்ற இடம்தான் மாறும்.

தாத்தாவுக்கு ரெண்டு விஷயம். உக்கார்ந்து சாப்பிடணும்கறது நூத்துக்கு நூறு சரி. ஆனா இருமற குழந்தைக்குத் தண்ணி ஊத்தாதீங்க, அந்தத் தண்ணியும் அதே வழியில போகலாம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விடவே கூடாது. வெளிய இருக்கறதை உள்ள தள்ளி விட்டுருவீங்க.

சிங்கை குமார் — 21 நவம்பர், மாலை 6.30

என் மகள் போன வருஷம் ஊருக்கு வந்தப்ப புளியங்கொட்டையை முழுங்கிட்டா. டாக்டர் "ரெண்டு நாள் பாருங்க"ன்னார், மறுநாளே வந்துடுச்சு. சீதாப்பழக் கொட்டையும் அப்படித்தான். எல்லாம் வெளிய வந்துடும், டென்ஷன் ஆகாதீங்க.

தியேட்டர் அக்கா — 21 நவம்பர், 7.10

குமார், அது இரைப்பைக்குப் போனது. இங்க பேச்சு மூச்சுக்குழாய். இரைப்பைக்குப் பின்வாசல் இருக்கு, நுரையீரலுக்குக் கிடையாது. உங்க மகள் முழுங்கும்போது இருமலே வந்திருக்காதே? அதுதான் வித்தியாசம். அதே புளியங்கொட்டை மூச்சுக்குழாயில போனா ஈரத்துல ஊறிப் பெருத்து இறுகிக்கும். காஞ்ச பட்டாணி, கொண்டைக்கடலை எல்லாம் அதே கதைதான்.

சிங்கை குமார் — 21 நவம்பர், 7.14

ஆமா, இருமல் இல்லை. சரி, வாபஸ்.

பெரம்பூர் பாலு — 22 நவம்பர், இரவு 11.50

இதை எழுதணுமான்னு யோசிச்சேன். எங்க வீட்டுல நடந்தது.

பொண்ணுக்கு அப்போ ரெண்டு வயசு முடியலை. கல்யாணத்துக்கு வேன்ல போறோம், பொட்டலத்துல எலுமிச்சை சாதம். கடலை தனியா யாரும் கொடுக்கலை, தாளிப்புல இருந்தது. வேன் ஒரு பள்ளத்துல குதிச்சுது, அவ வாயில சோறோட அழ ஆரம்பிச்சா, உடனே இருமல். முகமெல்லாம் சிவந்து, கண்ணுல தண்ணி, ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் நின்னுடுச்சு. தூங்கிட்டா. மண்டபத்துல நல்லா விளையாடினா. நாங்க மறந்தே போயிட்டோம்.

நாலஞ்சு நாள் கழிச்சு சளி, இரைப்பு. சிரப், நெபுலைசர், ஆன்டிபயாடிக். குறையும், திரும்ப வரும். எக்ஸ்ரே எடுத்தோம், "க்ளியரா இருக்கு"ன்னாங்க. ஆஸ்துமாவா இருக்கலாம்னு பேச்சு வந்தது. இன்னொரு டாக்டர்கிட்ட போனோம். அவர் ஸ்டெத்தை இடது பக்கம் வெச்சார், வலது பக்கம் வெச்சார், திரும்ப இடது, திரும்ப வலது. ரொம்ப நேரம். அப்புறம் கேட்டார், "எப்பவாவது சாப்பிடும்போது திடீர்னு இருமினாளா?" மனைவிதான் அந்த வேனை ஞாபகப்படுத்தினா.

மயக்க மருந்து கொடுத்து ஸ்கோப் விட்டு எடுத்தாங்க. ஒரு சின்ன டப்பாவுல போட்டுக் காட்டினாங்க. பாதிக் கடலை, உப்பிப் போய், ஓரம் பிஞ்சு. இப்ப நல்லா இருக்கா, ஸ்கூல் போறா. எங்க வீட்டுத் தாளிப்புல கடலை கிடையாது, கடலைப்பருப்பும் கிடையாது.

வைகைக்கரை — 23 நவம்பர், காலை 6.20

படிச்சிட்டு மாமியார்கிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை. கடலைக் கிண்ணத்தை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

புளியோதரை, எலுமிச்சை சாதம், சட்னித் தாளிப்பு, வெண்பொங்கல் முந்திரி... இதையெல்லாம் நான் நினைக்கவே இல்லை.

தியேட்டர் அக்கா — 23 நவம்பர், 9.00

பாலு எழுதினதுல ஒவ்வொரு வரியும் நாங்க திரும்பத் திரும்பக் கேட்ட கதை. அந்த நடு இடைவெளிதான் எல்லாரையும் ஏமாத்தும். மூச்சுக்குழாய் வாசல் ரொம்ப உஷாரானது, எது பட்டாலும் இருமல் வெடிக்கும். பொருள் உள்ள போய் ஒரு கிளையில உக்கார்ந்ததும் அந்த உணர்ச்சி பழகி அடங்கிடும். குழந்தை விளையாடும், சிரிக்கும், சாப்பிடும். சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். அப்புறம் கடலையோட எண்ணெய் அந்தச் சவ்வைப் புண்ணாக்கி வீங்க வைக்கும், சளி தேங்கும், காய்ச்சல் வரும். அப்ப யாருக்கும் பழைய இருமல் ஞாபகம் இருக்காது.

எக்ஸ்ரே விஷயம்: காசு, ஊக்குன்னா பளிச்னு தெரியும். கடலை எக்ஸ்ரேயில தெரியவே தெரியாது. அது விட்டுட்டுப் போற தடயம்தான் தெரியும், அதுவும் எப்பவும் இல்லை. மூச்சு இழுக்கும்போது குழாய் விரியும், காத்து கடலையைத் தாண்டி உள்ள போயிடும். விடும்போது குழாய் சுருங்கும், காத்து மாட்டிக்கும். அதனால அந்தப் பக்க நுரையீரல் உப்பி இருக்கும். மூச்சை விட்ட நிலையில எடுத்த படத்துல இது நல்லாத் தெரியும், ஆனா ரெண்டு வயசுக் குழந்தையை "மூச்சை விட்டு நில்லு"ன்னு சொல்ல முடியுமா? அதனாலதான் கதை பலமா இருந்தா படம் சுத்தமா இருந்தாலும் ஸ்கோப் போட்டுப் பார்ப்பாங்க. படத்தைவிட வேன்ல நடந்தது பெரிய சாட்சி.

ஊறின கடலையை எடுக்கறதும் லேசில்லை. இடுக்கியை அழுத்திப் பிடிச்சா பொடிஞ்சு இன்னும் ஆழத்துக்குப் போகும். மெதுவாப் பிடிச்சா நழுவும். அதே குழாய் வழியாத்தான் குழந்தைக்கு மூச்சும் கொடுக்கணும். நாள் தள்ளித் தள்ளி வர்ற குழந்தைக்கு வீக்கமும் சேர்ந்து, தொட்டா ரத்தம் கசியும்.

அதனால, சாப்பிடும்போது திடீர்னு அடக்க முடியாத இருமல் வந்து நின்னுதுன்னா, அன்னிக்கே டாக்டர்கிட்ட அந்த வாக்கியத்தையே சொல்லுங்க. "சளி"ன்னு ஆரம்பிக்காதீங்க.

நெய்வேலி ரம்யா — 23 நவம்பர், 12.30

அப்ப 5 வயசு வரைக்கும் வேர்க்கடலையே கூடாதுன்னு சொல்லிடலாமே. அலர்ஜியும் வராது. எதுக்கு ரிஸ்க்?

தியேட்டர் அக்கா — 23 நவம்பர், 1.15

பாதி சரி. முழுக்கடலை, உடைச்ச கடலை கூடாது. கடலையே கூடாதுன்னா அது தப்பு. 2015-ல லண்டன்ல இருந்து வந்த ஒரு பெரிய ஆய்வு நேர் எதிராச் சொல்லுது. அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு முதல் வருஷத்துலயே கடலையை உணவுல சேர்த்தாங்க, அவங்களுக்கு 5 வயசுல அலர்ஜி ரொம்பக் குறைவா இருந்தது. ஏற்கெனவே கடுமையான கரப்பான், முட்டை அலர்ஜி இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்கணும்.

வடிவம்தான் கேள்வி. வறுத்துத் தோல் நீக்கி மிக்ஸியில நைசாப் பொடிச்சு, சல்லடையில சலிச்சுக் கஞ்சியிலயோ இட்லி மாவுலயோ கலங்க. சலிக்கறதை விட்டுடாதீங்க, மிக்ஸி எப்பவும் நாலு துணுக்கை மிச்சம் வைக்கும். கடலைச் சட்னி வழவழன்னு அரைச்சிருந்தா அதுவே போதும். பீனட் பட்டரை ஸ்பூன்ல கட்டியா ஊட்டாதீங்க, அண்ணத்துல ஒட்டும், தொண்டையிலயும் ஒட்டும். தோசைமேல மெல்லிசாத் தடவுங்க.

நெய்வேலி ரம்யா — 23 நவம்பர், 1.40

சலிக்கணும்னு யாரும் சொன்னதில்லை. இன்னிக்கு சலிச்சுப் பார்த்தேன், அடியில நிக்கறதைப் பார்த்ததும் பக்குனு ஆயிடுச்சு.

கொங்குத் தாத்தா — 23 நவம்பர், மாலை 5.00

சரி அம்மணி, தண்ணி குடுக்கக் கூடாது, விரல் விடக் கூடாது. அப்ப என்னதான் பண்ணறது? கை கட்டி வேடிக்கை பாக்கறதா?

தியேட்டர் அக்கா — 23 நவம்பர், 8.20

நல்ல கேள்வி தாத்தா. முதல்ல சத்தத்தைக் கேளுங்க. பலமா இருமினா, அழுதா, பேசினா, காத்து போய்ட்டுத்தான் இருக்கு. அப்ப வேடிக்கை பாக்கறதுதான் வேலை. முன்பக்கம் சாய்ஞ்சு உக்காரவிட்டு "இருமு இருமு"ன்னு சொல்லுங்க, தட்டாதீங்க. அந்த இருமலைவிட நல்ல மருந்து நம்மகிட்ட இல்லை.

பயப்பட வேண்டியது சத்தமே இல்லாதது. வாய் திறந்திருக்கும், சத்தம் வராது, கை தவிக்கும், உதடு நீலமாகும். அப்ப ஒரு ஆளை 108-க்குப் போன் பண்ண விட்டுட்டு, குழந்தையைத் தலை தாழ்வா முன்பக்கம் கவிழ்த்துப் பிடிச்சு, ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால பலமா 5 அடி. ஒவ்வொரு அடிக்கும் வெளிய வந்துதான்னு பாருங்க. வரலைன்னா, ஒரு வயசு தாண்டிய குழந்தைக்குப் பின்னால மண்டி போட்டு, தொப்புளுக்கு மேல, நெஞ்செலும்புக்குக் கீழ ஒரு முஷ்டியை வெச்சு இன்னொரு கையால பிடிச்சு உள்ளயும் மேலயும் 5 தடவை இழுங்க. மாத்தி மாத்தி. ஒரு வயசுக்குக் கீழன்னா வயித்தை அமுக்கவே கூடாது, மல்லாத்திப் போட்டு நெஞ்சு நடுவுலதான் அழுத்தணும். மயங்கிட்டா தரையில படுக்க வெச்சு சிபிஆர். வயித்தை இழுத்து எடுத்திருந்தா, நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரியில ஒருதடவை காட்டுங்க.

படிச்சா வராது. ஒரு பொம்மையில செஞ்சு பார்க்கணும்.

ஐடி அப்பா — 23 நவம்பர், 9.05

நான் ஆபீஸ் பயிற்சியில கத்துக்கிட்டது வேற. ஒரு வயசுக்கு மேலன்னா நேரா வயித்தைத்தான், முதுகுல தட்டவே கூடாதுன்னாங்க. சர்டிஃபிகேட்கூட இருக்கு.

தியேட்டர் அக்கா — 23 நவம்பர், 9.30

அது அமெரிக்கப் பாடத்திட்டமா இருக்கும், பல வருஷம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. இங்கிலாந்துப் பாடத்துல முதுகு அடி எப்பவும் இருந்தது. போன மாசம் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்லயும் முதுகுல 5, அப்புறம் வயித்துல 5ன்னு மாத்திட்டாங்க. பழையபடி செஞ்சாலும் குத்தமில்லை, சும்மா நிக்கறதைவிட எதுவும் மேல். சர்டிஃபிகேட்டை மட்டும் புதுப்பிச்சுக்கோங்க.

வைகைக்கரை — 24 நவம்பர், 10.15

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். திராட்சை நாலு நாலா வெட்டி விரல் செத்துப் போச்சு. ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு காலை நேரமே போகுது. பன்னீர் திராட்சை வேற, தோலைப் பிதுக்கினா உள்ள இருக்கறது வழுக்கிட்டு ஓடுது.

பெரம்பூர் பாலு — 24 நவம்பர், 10.50

ரெண்டு தட்டையான டப்பா மூடி எடுங்க. ஒண்ணுல திராட்சையைப் பரப்புங்க, எல்லாம் படுத்த மாதிரி இருக்கணும், நட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. மேல இன்னொரு மூடியை லேசா அமுக்கிப் பிடிச்சு, இடைவெளியில கத்தியைப் படுக்கைவாட்டுல ஓட்டுங்க. படுத்திருக்கறதால நீளவாக்குல பாதியா வரும். அப்புறம் ஒவ்வொரு பாதியையும் ஒரு கீறல். மனைவி கண்டுபிடிப்பு இல்லை, யூடியூப்.

பன்னீர் திராட்சையை நாங்க விட்டுட்டோம். கொட்டையும் எடுக்கணும், உள் சதையும் முழு உருண்டையா வழுக்கும். பிழிஞ்சு ஜூஸ்தான்.

நெய்வேலி ரம்யா — 24 நவம்பர், 11.30

குறுக்கால வட்டமா வெட்டினா என்ன? பாதிதானே?

தியேட்டர் அக்கா — 24 நவம்பர், 12.00

குறுக்கால வெட்டினா அந்த வட்டம் அப்படியே இருக்கு ரம்யா. குழாய் வட்டம், துண்டும் வட்டம். கேரட்டை வட்டவட்டமா அரியறதுலயும் அதே தொல்லை, பச்சைக் கேரட்டுன்னா இன்னும் மோசம். துருவுங்க, இல்லைன்னா ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு நசுக்கினா நசுங்கற வரைக்கும் வேக வைங்க. ஆப்பிளுக்கும் அதே விதி. தேங்காய்ச் சில்லு யாரும் கணக்குலயே எடுக்கறதில்லை. அம்மா துருவும்போது பக்கத்துல நிக்கற குழந்தை கையில ஒரு சில்லைக் கொடுக்கறது நம்ம ஊர் வழக்கம். அதை வெட்டி, கிட்டி ஒண்ணும் சரி பண்ண முடியாது, துருவல்தான். சுண்டலை மசிச்சுக் கொடுங்க, தோலை எடுத்துட்டு.

முன்பல் கடிச்சு எடுக்கத்தான். அரைக்கறது கடைவாய்ப் பல், அது முழுசா வர ரெண்டரை, மூணு வயசு ஆகும். வந்ததும் அரைக்கப் பழக இன்னும் நாளாகும். பல் இருக்குன்னு கடலை கொடுக்கறவங்க எல்லாரும் முன்பல்லைத்தான் பார்க்கறாங்க.

சிங்கை குமார் — 24 நவம்பர், 3.20

மிட்டாய் யாரும் பேசலையே. கமர்கட்டை சுத்தியலால உடைச்சுக் கொடுத்தா? நாங்க சின்ன வயசுல கதவிடுக்குல வெச்சு உடைப்போம், கதவுக்குத்தான் எறும்பு.

தியேட்டர் அக்கா — 24 நவம்பர், 4.00

உடைச்சா கூர்மையான சில்லு, உடைக்காட்டி உருண்டை. ரெண்டும் வேண்டாம். கடினமான மிட்டாய்க்கு வெட்டற வழியே கிடையாது, ஏன்னா அது வாயில பல நிமிஷம் சுத்தி, எச்சில்ல வழவழப்பாகித் தானாப் பின்னால நழுவறது. சில்லறைக்குப் பதிலா கடைக்காரர் கையில திணிக்கற ஆரஞ்சு மிட்டாய் அதே கணக்கு, அதுவும் ஓடற பஸ்ல வாயில போட்டா ரொம்ப மோசம். கடலை மிட்டாய்ல கடலையும் இருக்கு, கடினப் பாகும் இருக்கு, ரெண்டு குத்தமும் ஒண்ணா.

வைகைக்கரை — 24 நவம்பர், இரவு 9.45

எத்தனை வயசு வரைக்கும் இதெல்லாம்? ஒரு இடத்துல 4, இன்னொரு இடத்துல 5ன்னு இருக்கு.

தியேட்டர் அக்கா — 24 நவம்பர், 10.10

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 4ங்கறாங்க, இங்கிலாந்துல முழுக் கடலைக்கு 5. நான் 5 பக்கம். அது என் தியேட்டர் பயம்னு வெச்சுக்கோங்க.

ஐடி அப்பா — 24 நவம்பர், 10.25

என் பையன் மூணரை, அரைச்சுத்தான் சாப்பிடறான், கொடுக்கறேன். எனக்கு 4 போதும். இதுல சண்டை போட விரும்பலை.

வைகைக்கரை — 26 நவம்பர், காலை 7.30

பொரி உருண்டை பாக்கி இருக்கு. வெல்லப் பாகு, பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல்லு, எல்லாம் இங்க சொன்ன லிஸ்ட்லயே இருக்கு. மாமியார் சொல்றாங்க, அவனுக்குத் தனியா அவல் பொடிச்சு வெல்லத்தூள், நெய், தேங்காய்த் துருவல் போட்டுப் பிசைஞ்சு, கையில அழுத்தி நீளமாப் பிடிச்சுத் தர்றேன்னு. உருண்டைங்கற பேருக்கு உருட்டக் கூடாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

கொங்குத் தாத்தா — 26 நவம்பர், 8.10

வெறும் பொரியாவது குடுக்கலாமா? அது வாயில கரைஞ்சிருமே.

தியேட்டர் அக்கா — 26 நவம்பர், 8.45

மக்காச்சோளப் பொரி கூடாது, அந்த உமி தனியா ஒட்டிக்கும். அரிசிப் பொரி எச்சில்ல கரையும், ஆனா கைநிறைய அள்ளி வாயில கொட்டிக்கிட்டு மூச்சு இழுத்தா என்ன ஆகும்னு எனக்குச் சந்தேகம் இருக்கு. பால்ல ஊற வெச்சுக் கொடுங்க தாத்தா. ஊற வைக்கறதுக்கு முன்னாடி பொட்டுக்கடலையைப் பொறுக்கி எடுத்துடுங்க, கடையில கலந்தேதான் கட்டித் தருவான்.